மூன்று பட்டன் டிஜிட்டல் வாட்ச்: 12/24 மணி, விளக்கு, மணிக்கொரு பீப் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அண்ணா, வாட்ச்ல 2:10ன்னு காட்டுது, பஸ் அட்டவணையில 14:10ன்னு போட்டிருக்கு. வாட்சையும் அப்படியே மாத்த முடியுமா? எந்தப் பட்டன்?

முடியும். ஒரே ஒரு அழுத்து போதும். மணி, நிமிடம், விநாடி மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணத் திரையில் இருந்தபடி வலது பக்கப் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள். 2:10 என்பது 14:10 ஆகிவிடும், திரையில் 24H என்று சிறிய எழுத்து வரும். மறுபடி அழுத்தினால் பழையபடி 12 மணி. அப்போது 24H போய், நண்பகலுக்குப் பிறகான நேரமாக இருந்தால் PM என்று காட்டும்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் காசியோ எஃப்-91டபிள்யூ வாட்சை வைத்து. 1989-இல் வந்த மாடல், இன்றும் கடையில் கிடைக்கிறது. இடது பக்கம் இரண்டு பட்டன், வலது பக்கம் ஒன்று. இடது மேல் பட்டன் விளக்கு, இடது கீழ்ப் பட்டன் திரை மாற்ற, வலது பட்டன் மற்ற எல்லாவற்றுக்கும். வெள்ளி நிறப் பட்டை போட்ட ஏ158 வாட்சுக்கும் உள்ளே இருப்பது இதே இயந்திரம்தான், அதனால் அதே முறை. நாலு பட்டன் உள்ள வாட்சுகளில் வழி கொஞ்சம் மாறும்.

புதுச்சேரியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ரீயூனியனுக்கு வந்தவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிடலாம் என்பது என் எண்ணம். சேன்-தெனி பஸ், தீவு முழுக்க ஓடும் கார் ஜோன் பஸ், மருத்துவர் நேரம், வேலை அட்டவணை எல்லாமே இங்கே 24 மணிக் கணக்கில்தான் வரும். ஒவ்வொரு தடவையும் மனதில் 12-ஐக் கழித்துக்கொண்டிருப்பானேன்?

அமைக்கிற திரைக்குப் போய் அதே வலது பட்டனைத்தான் அழுத்தினேன். 24 வரலை, விநாடிதான் 00 ஆகிப் போச்சு. வாட்ச் கெட்டுப்போச்சா?

வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. திரை மாறினால் அந்தப் பட்டனின் வேலையும் மாறிவிடும். இந்த வாட்சில் வருகிற குழப்பத்தில் பெரும்பாலானது இதிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடது கீழ்ப் பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் திரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் சாதாரண நேரம். அடுத்து அலாரம், மேலே AL என்று இருக்கும். அடுத்து ஸ்டாப் வாட்ச், அங்கே ST என்று இருக்கும். அதற்கும் அடுத்தது நேரம் அமைக்கும் திரை, அங்கே விநாடி மினுக்கிக்கொண்டிருக்கும். இன்னொரு தடவை அழுத்தினால் சாதாரண நேரத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

வலது பட்டன் சாதாரண நேரத்தில் 12-ஐயும் 24-ஐயும் மாற்றும். AL திரையில் அலாரத்தையும் மணிக்கொரு பீப்பையும் போடும், அணைக்கும். ST திரையில் ஓட்டத்தைத் தொடங்கும், நிறுத்தும். அமைக்கும் திரையில் எது மினுக்குகிறதோ அதைக் கூட்டும். விநாடி மினுக்கும்போது மட்டும் கூட்டாது, 00 ஆக்கிவிடும். நீங்கள் செய்தது இந்தக் கடைசி வேலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விநாடி 00-இலிருந்து 29-க்குள் இருக்கும்போது அழுத்தியிருந்தால் நிமிடம் அப்படியே இருக்கும். 30-இலிருந்து 59-க்குள் என்றால் நிமிடம் ஒன்று கூடிவிடும். எப்படியானாலும் உங்கள் வாட்ச் சரியான நேரத்திலிருந்து அரை நிமிடம் வரை தள்ளிப் போயிருக்கலாம். கைப்பேசியில் விநாடி காட்டும் கடிகாரத்தைத் திறந்துவைத்து, அது 00-ஐத் தொடும் நொடியில் அமைக்கும் திரையில் வலது பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். பிறகு இடது கீழ்ப் பட்டனை ஒருமுறை அழுத்தி வெளியே வாருங்கள்.

காலை 4:30க்கு அலாரம் வெச்சா சாயங்காலம்தான் அடிக்குது. போதாததுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தேதி மாறுது. என்ன பண்றது?

இரண்டும் ஒரே கோளாறு. உங்கள் வாட்ச் சரியாக 12 மணி நேரம் தள்ளி ஓடிக்கொண்டிருக்கிறது. நேரம் அமைத்தவர் மணியைச் சரியாக வைத்திருக்கிறார், PM எழுத்தைப் பார்க்கவில்லை. 12 மணிக் கணக்கில் காலை 8:15-க்கும் இரவு 8:15-க்கும் எண் ஒன்றுதான். வித்தியாசம் அந்தச் சின்ன எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது, கண்ணாடி போடாமல் அதைப் படிப்பது கஷ்டம். வாட்சின் நள்ளிரவு உங்கள் நண்பகலில் வருகிறது, அதனால்தான் சோற்றைப் பிசையும் நேரத்தில் தேதி மாறுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள 24 மணிக்கு மாற்றிப் பாருங்கள். இப்போது இரவு 8:15 என்று வைத்துக்கொள்வோம். 20:15 என்று வந்தால் வாட்ச் நேரம் சரி. 8:15 என்றே நின்றால் தவறு. அப்படியே AL திரைக்கும் போய்ப் பாருங்கள். சாதாரண நேரத்தில் எந்தக் கணக்கு வைத்தீர்களோ அலாரமும் அதே கணக்கில்தான் காட்டும். அங்கே 16:30 என்று இருந்தால் பிழை அலாரத்தில். 4:30 என்றே இருந்தும் சாயங்காலம் அடிக்கிறது என்றால் பிழை வாட்ச் நேரத்தில். உங்களுக்குத் தேதியும் மத்தியானம் மாறுவதால் பிழை வாட்ச் நேரத்தில்தான்.

சரிசெய்யும்போது 24 மணிக் கணக்கிலேயே இருங்கள், மறுபடி ஏமாற வழியிருக்காது. சாதாரண நேரத்திலிருந்து இடது கீழ்ப் பட்டனை மூன்று தடவை அழுத்தினால் விநாடி மினுக்கும். இடது மேல் பட்டன், அதாவது விளக்குப் பட்டன், இங்கே அடுத்த எண்ணுக்குத் தாவ உதவும். மணி மினுக்கும்வரை அதை அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் விளக்கும் எரிந்து அணையும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மணி மினுக்கத் தொடங்கியதும் வலது பட்டனால் 8-ஐ 20 ஆக்குங்கள்.

இதோடு வெளியே வந்துவிடாதீர்கள். தேதியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அமைக்கும் திரையில் மணியைக் கூட்டினால் தேதி தானாக மாறாது. இங்கே இரண்டு விதம் உண்டு. இன்று 14-ஆம் தேதி என்று கொள்வோம். வாட்சை யாரோ ஒரு மாலையில் காலை நேரமாக நினைத்து வைத்திருந்தால், அது 12 மணி நேரம் பின்தங்கி ஓடும். காலை முழுதும் நேற்றைய தேதியைக் காட்டிவிட்டு மத்தியானத்துக்குப் பிறகுதான் சரியான தேதிக்கு வரும். இரவு 8:15-க்கு அதில் 14 என்றே இருக்கும், தேதியைத் தொட வேண்டியதில்லை. ஒரு காலையில் PM என்று வைத்திருந்தால் கதை தலைகீழ். அது 12 மணி நேரம் முந்தி ஓடும். காலையில் தேதி சரியாக இருக்கும், மத்தியானமே 15 ஆகிவிடும். மணியை 20 ஆக்கிய கையோடு தேதியையும் 14-க்குக் கொண்டுவர வேண்டும்.

எண்கள் முன்னோக்கி மட்டுமே போகும். 15-இலிருந்து 14-க்கு வர மாதக் கடைசிவரை போய், 1-இல் ஆரம்பித்து ஒரு சுற்று வர வேண்டும். கிழமையையும் தனியாக ஒரு சுற்று சுற்றித்தான் ஒருநாள் பின்னுக்குக் கொண்டுவர முடியும். இந்த வாட்சுக்கு வருடம் என்ன என்றே தெரியாது, அதனால் தேதியை வைத்துக் கிழமையைக் கணக்குப் போடத் தெரியாது. எல்லாம் முடிந்ததும் இடது கீழ்ப் பட்டனை அழுத்தி சாதாரண நேரத்துக்கு வந்துவிடுங்கள். அலாரம் 4:30 என்று இருந்ததை மாற்றவே வேண்டாம், மறுநாள் காலை அதுவாகவே சரியாக அடிக்கும்.

அலாரம் 20 விநாடிதான் ஒலிக்கும். ஆழ்ந்து தூங்குகிறவர் சேன்-தாந்த்ரேயிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க இதை மட்டும் நம்புவது புத்திசாலித்தனம் இல்லை.

24 மணி வெச்சா ராத்திரி 12 மணிக்கு 24:00ன்னு வருமா?

வராது. 23:59-க்கு அடுத்து 0:00. 12 மணிக் கணக்கில் PM இல்லாத 12:00 நள்ளிரவு, PM உள்ள 12:00 நண்பகல்.

ஊர்லேருந்து வந்த நாள்காட்டியில அமாவாசை முடியுற நேரம் இந்திய நேரத்துல இருக்கு. இங்க வாட்ச்ல எத்தனை மணி?

ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். ரீயூனியன் நேரம் இந்திய நேரத்தைவிட எப்போதும் 1:30 குறைவு. நாள்காட்டியில் இரவு 9:10 என்றால் 21:10, இங்கே 19:40.

24 மணிக் கணக்கின் அருமை நள்ளிரவைத் தாண்டும்போதுதான் தெரியும். நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பின்னிரவு 1:00 என்று போட்டிருந்தால், நம் வழக்கப்படி பொழுது விடியும்வரை அது செவ்வாய்தான். வாட்ச் அப்படி நினைக்காது, நள்ளிரவிலேயே புதனுக்குத் தாவிவிடும். வாட்ச் கணக்கில் அது இந்தியாவில் புதன் 1:00. அதிலிருந்து 1:30 கழித்தால் இங்கே செவ்வாய் 23:30. ஆக, இங்கே அமாவாசை செவ்வாய் நள்ளிரவுக்கு அரை மணி முன்பே முடிந்துவிடுகிறது. 12 மணி வாட்சை வைத்துக்கொண்டு 11:30 என்று பார்த்தால் எந்தப் பதினொன்றரை என்ற சந்தேகம் வரும், இதில் வராது.

ராகு காலத்துக்கு இந்தக் கழித்தல் கூடாது. திதி என்பது சூரியனும் சந்திரனும் இருக்கும் நிலை, அது உலகம் முழுவதற்கும் ஒரே நொடியில் மாறும். ராகு காலமோ அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. அதற்கு இங்குள்ள கோயில் நாள்காட்டியைப் பாருங்கள்.

மணிக்கு மணி பீப் பீப்னு சத்தம் போடுது. பூஜையில எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. எப்படி நிறுத்துறது?

சாதாரண நேரத்திலிருந்து இடது கீழ்ப் பட்டனை ஒருமுறை அழுத்தி AL திரைக்குப் போங்கள். அங்கே வலது பட்டனை அழுத்த அழுத்த நாலு நிலைகள் சுற்றி வரும்: அலாரம் மட்டும், பீப் மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டும் இல்லாமல். எது போடப்பட்டிருக்கிறது என்பதைத் திரையில் இரண்டு சின்னங்கள் காட்டும். ஒன்று சின்ன மணி, மற்றது ஒலி அலை மாதிரி வளைகோடுகள். இரண்டும் மறைந்துவிட்டால் வாட்ச் வாய் திறக்காது.

அலாரம் வேண்டும், பீப் மட்டும் வேண்டாம் என்றால் ஒரு சின்னத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எதை என்று சந்தேகம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு அடுத்த மணி பிறக்கும்வரை காத்திருங்கள். பீப் வந்தால் அது பீப்புக்கான சின்னம், மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒருமுறை பார்த்துத் தெரிந்துகொள்வது கடைக்காரர் சொல்வதை நம்புவதைவிட மேல், ஏனென்றால் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் வேறு வாட்சுகளில் சின்னங்களின் பொருள் மாறுகிறது.

நிறையப் பேர் செய்வது, AL திரையில் விளக்குப் பட்டனை அழுத்திவிடுவது. அது அலாரத்தை அமைக்கத் தொடங்கிவிடும், மணி மினுக்கும். அந்த நிலையில் வலது பட்டனை அழுத்தினால் பீப் அணையாது, அலாரத்தின் மணிதான் கூடும். 4:30 என்று இருந்தது சத்தமில்லாமல் 5:30 ஆகிவிடும். ஏதாவது மினுக்குவதைப் பார்த்தால் வலது பட்டனைத் தொடாமல் விளக்குப் பட்டனை அழுத்தி மினுக்கலை முடித்துவிடுங்கள். பிறகு பீப்பை அணையுங்கள்.

பீப் பகல்ல மட்டும் வேணும், ராத்திரி வேணாம். அப்படி வைக்கலாமா?

இந்த வாட்சில் வழியில்லை. போட்டால் 24 மணி நேரமும் அடிக்கும், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எத்தனை மணியானாலும் அதே இரண்டு சின்ன பீப்தான், சுவர்க்கடிகாரம் மாதிரி எண்ணி அடிக்காது. மெல்லத் தூங்குகிறவர்கள் இரவில் வாட்சைத் துணி மடிப்புக்குள் வைத்துவிட்டால் போதும், அந்த ஒலி வெளியே வராது.

செல் மாத்தினப்புறம் சின்னம் ரெண்டும் இருக்கு, ஆனா சத்தமே இல்லை. ஏன்?

ஒலி எழுப்பும் மெல்லிய தகடு பின் மூடியில் ஒட்டியிருக்கிறது. இயந்திரம் அந்தத் தகட்டைத் தொடுவது ஒரு பொடிச் சுருள்கம்பி வழியாக. மூடியைத் திறக்கும்போது அந்தக் கம்பி தெறித்து விழுந்துவிடும், செல் மாற்றியவர் கவனித்திருக்கவே மாட்டார். நேரம் சரியாக ஓடும், விளக்கு எரியும், சின்னமும் வரும், சத்தம் மட்டும் வராது. மாற்றிய கடைக்கே போய்க் கேளுங்கள். அவர்கள் மேசையில் கிடக்கும் வேறு பழைய வாட்சிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் போட்டாலும் சரியாகிவிடும். கம்பி இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் மூடியின் நாலு திருகும் இறுகவில்லை என்று பொருள், தகடு கம்பியைத் தொடாமல் நிற்கிறது.

செல் மாற்றிய பிறகு 12/24, பீப், அலாரம் மூன்றையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு போட்டா இடது பக்கம் மட்டும் பச்சையா தெரியுது, விநாடி இருட்டா இருக்கு. மாத்தித் தருவாங்களா?

மாற்றித் தர மாட்டார்கள், அது பழுதே இல்லை. எஃப்-91டபிள்யூவில் திரையின் இடது ஓரத்தில் ஒரே ஒரு சின்னப் பச்சை எல்இடி இருக்கிறது. அந்தப் பக்கம் வெளிச்சம் விழும், வலது ஓரத்துக்குப் போகும்போது மங்கிவிடும். விரலை எடுத்தவுடன் அணைந்தும்விடும், தொடர்ந்து எரியவைக்க ஒரு வழியும் இல்லை. இரவில் மணியும் நிமிடமும் பார்க்க அது போதும். அரையிருட்டில் கண் தடுமாறுகிறவர்களுக்கு எஃப்-105டபிள்யூ பொருத்தமாக இருக்கும் என்பேன். அதில் எல்இடிக்குப் பதில் திரைக்குப் பின்னால் முழுத் தகடே நீலப் பச்சையாக ஒளிரும், எண்கள் கறுப்பாக எடுப்பாகத் தெரியும். அந்தத் தகடு எரியும்போது காதருகே வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும், அது இயல்பு. பல வருடம் ஆனபின் அந்த ஒளி மங்கும் என்பது அதன் குறை.

விளக்கு அழுத்தினா எண்ணெல்லாம் மங்கிப் போகுது, சில நேரம் மறைஞ்சே போகுது.

செல் தீர்கிறது. விளக்குதான் இந்த வாட்சில் அதிகமாக மின்சாரம் இழுக்கும் வேலை, அதனால் செல் பலவீனம் முதலில் அங்கேதான் தெரியும். பீப் ஈனசுரத்தில் வருவது அடுத்த அடையாளம். போட வேண்டிய செல் சிஆர்2016. அதன் ஆயுள் சுமார் 7 வருடம் என்று சொல்வது நாளுக்கு ஒரு தடவை விளக்கு என்ற கணக்கில்தான். பிள்ளைகள் கையில் கொடுத்து நாள் முழுக்க விளக்கு போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. சிஆர்2025 தடிமன் கூடியது, அதை அழுத்தித் திணிக்க யாரையும் விடாதீர்கள்.

வலது பட்டனை விடாம அமுக்கினா CASIo-ன்னு வருது, விட்டதும் 24 மணி 12 ஆயிருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பட்டனைத் தொட்ட அந்த நொடியிலேயே 12/24 மாறிவிட்டது. அதற்கப்புறமும் மூன்று விநாடி பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அசல் வாட்சைக் கண்டுபிடிக்க மக்கள் செய்யும் சோதனை இது. சில போலிகளும் இப்போது அந்தப் பெயரைக் காட்டுகின்றன, அதனால் வந்தது என்பதற்காக அசல் என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னொரு தடவை தட்டிவிட்டால் 24 மணிக்குத் திரும்பிவிடும். சட்டைக் கை இறுக்கமாக இருந்தாலும் பையில் போட்டிருந்தாலும் இதே பட்டன் தானாக அழுந்தி, வாட்ச் ஏன் மாறியது என்று யோசிக்கவைக்கும்.

பிரான்சுல மார்ச், அக்டோபர் மாசம் நேரத்தை மாத்துறாங்களே, அப்ப இங்க நானும் வாட்சை மாத்தணுமா?

வேண்டாம். ரீயூனியனில் வருடம் முழுவதும் ஒரே நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பாரிஸ் நம்மைவிட 2 மணி நேரம் பின்னால் இருக்கும், மீதி மாதங்களில் 3 மணி நேரம். உங்கள் வாட்ச் 21:00 காட்டினால் பாரிசில் கோடையில் 19:00, குளிர்காலத்தில் 18:00. அந்த ஞாயிறு காலையில் கைப்பேசியும் வாட்சும் வேறு வேறு மணி காட்டினால் வாட்சைத் தொடாமல் கைப்பேசியில் நேர வலயம் பாரிஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.